மத்தியானச் சமையலும் ஐந்நூறாவது யூனிட்டும்

"அண்ணாச்சி, நாங்க பாளையங்கோட்டையில சொந்த வீட்டுல இருக்கோம், நாலு பேர். சிலிண்டர் நாற்பது நாள் வருது, கொண்டுவந்து போடுற பையனுக்குக் கொடுக்கிறதையும் சேர்த்தா 930 ரூபாய் ஆகுது. கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் பக்கம் ஓடும், ஏப்ரல், மே மாசம் ஏசி போட்டா 560 ஆயிரும். பால்காய்ப்புக்கு வந்த இண்டக்‌ஷன் அடுப்பு ரெண்டு வருஷமா பரணில் கிடக்கு. எடுத்து வச்சா மிச்சமாகும்னு நான் சொல்றேன். 2000 வாட், மணிக்கு ரெண்டு யூனிட் இழுக்கும், பில் எகிறிரும்னு எங்க வீட்டுக்காரவுக சொல்றாக. ஒரு வேளை சமையலுக்கு எதுல எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

தங்கச்சி, கேஸுக்கு ஒரே பதில்தான். நாலு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கள் விலைப்படி ஒன்பதரை ரூபாய். இண்டக்‌ஷனுக்கு அப்படி ஒரே பதில் கிடையாது. அதே அடுப்பு, அதே சோறு, அதே சாம்பார், ஒரு வீட்டில் மூன்று ரூபாயில் முடியும், இன்னொரு வீட்டில் பதின்மூன்று ரூபாய் ஆகும். உங்கள் வீட்டிலேயே கார்த்திகையில் ஒரு விலை, சித்திரையில் வேறு விலை. நம்மூர் மின்கட்டணம் அமைந்திருக்கிற விதம் அப்படி. அதனால் அடுப்பைப் பற்றிக் கொஞ்சமும் பில்லைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன்.

முதலில் கேஸ். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 930 ரூபாயை அதால் வகுத்தால் கிலோ 65 ரூபாய் 50 காசு. நாற்பது நாள் என்றால் ஒரு நாளைக்கு 355 கிராம், அதாவது 23 ரூபாய் சொச்சம். இதில் மத்தியானச் சமையலுக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என் தொழில் கம்பெனிகளிலும் வீடுகளிலும் மின்செலவைத் தணிக்கை செய்வது, அதனால் எங்கள் வீட்டு சிலிண்டரே ஒரு எலக்ட்ரானிக் தராசு மேல்தான் நிற்கிறது (வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்). எங்கள் வீட்டிலும் நாலு பேர்தான். 400 கிராம் அரிசி குக்கரில், பருப்பு தனியாக, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ரசம் என்று ஒரு வாரம் மத்தியானச் சமையலுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் சராசரியாக 145 கிராம் வந்தது. காய் மாறினால் பத்து இருபது கிராம் கூடும் குறையும். 145 கிராமுக்கு உங்கள் விலை ஒன்பதரை ரூபாய்.

அடுத்த வாரம் அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்து, சுவரில் பிளக்குக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மின் மீட்டரைச் சொருகிப் பார்த்தோம். 1.2 யூனிட். சமைக்க எடுத்த நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி. இங்கேதான் உங்கள் வீட்டுக்காரர் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது. 2000 வாட் என்று எழுதியிருப்பது அந்த அடுப்பு அதிகபட்சம் இழுக்கக்கூடிய அளவு, எந்நேரமும் இழுக்கிற அளவு இல்லை. குக்கர் சூடேறி ஆவி வருகிறவரைக்கும் எட்டு நிமிஷம் போல முழு வேகத்தில் ஓடும், அப்புறம் குறைத்து வைத்துவிடுவோம், சோறு முழுசும் வேக ஆனது மொத்தமே 0.3 யூனிட்தான். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் யாரும் 2000-ல் வைத்துக்கொண்டு நிற்பதில்லை, வைத்தால் பொங்கி வழிந்து அடுப்பு மேலெல்லாம் மஞ்சளாகிவிடும்.

145 கிராம் கேஸ் செய்த வேலையை 1.2 யூனிட் கரண்ட் செய்திருக்கிறது. அப்படியானால் ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலைக்கு எட்டேகால் யூனிட். ஒரு கிலோ கேஸுக்குள் இருக்கிற சூட்டைக் கரண்ட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பன்னிரண்டரை யூனிட்டுக்கு மேல் வரும், ஆனால் நம் வீட்டு அடுப்பில் அதில் பாதி கொஞ்சம் கூடுதலாகத்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மிச்சம் பாத்திரத்தின் ஓரமாக ஏறி உங்கள் முகத்தில் அடிக்கிறது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் நூற்றில் எண்பத்தைந்து போல உள்ளே போய்விடும். சரி, கிலோ 65 ரூபாய் 50 காசை எட்டேகாலால் வகுங்கள். ஏறக்குறைய எட்டு ரூபாய். கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம், எட்டுக்கு மேலே போனால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை ஏறினால் இந்த எட்டும் கூடவே ஏறும்.

இப்போது பில்லுக்கு வருவோம். வீட்டு இணைப்புக்கு 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், உங்கள் பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதேதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. இது மொத்தம் 500-க்குள் நின்ற வீட்டுக்கு. 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். 501-லிருந்து யூனிட் 8 ரூபாய் 40 காசு ஆகிவிடும், இது எல்லோருக்கும் தெரியும். நிறையப் பேர் கவனிக்காதது இன்னொன்று: அந்த 101 முதல் 200 வரைக்கும் கொடுத்த 2.35 சலுகையும் போய், அதுவும் 4.70 ஆகிவிடும். சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓட்டிய வீட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய், கால் சிலிண்டர் காசு.

எட்டு ரூபாய் என்று நாம் கண்டுபிடித்த கோடும் இந்த 500 என்கிற வேலியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதைப் பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அதிகபட்ச விலை 6.30, இண்டக்‌ஷன் லாபம். அந்தப் பக்கம் குறைந்தபட்சமே 8.40, கேஸ் லாபம்.

இன்னொரு தவறான கணக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் 380 யூனிட்டுக்கு பில் 1,081 ரூபாய், வகுத்தால் யூனிட் 2 ரூபாய் 84 காசு, ஆகவே 1.2 யூனிட் சமையலுக்கு மூன்றே கால், மூன்றரை ரூபாய்தான் என்று சொல்வார்கள். இலவச நூறையும் சலுகை நூறையும் உங்கள் ஃபேனும் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஏற்கெனவே தின்றுவிட்டன. இண்டக்‌ஷன் கடைசியாக வந்து வரிசையில் நிற்கிற ஆள், அதனால் அதற்குக் கிடைப்பது 381-லிருந்து மேலே உள்ள யூனிட்டுகள்தான். அந்த விலையைத்தான் போட வேண்டும். வீட்டில் ஒற்றை ஆள், ரெண்டு மாதத்துக்கு 110 யூனிட்தான் ஓடுகிறது என்றால் அவருக்கு மட்டும் இண்டக்‌ஷன் நிஜமாகவே மூன்று ரூபாய் சமையல்.

மத்தியானச் சமையலை மட்டும் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 என்றால் அறுபது நாளில் 72 யூனிட், மொத்தம் 452. அந்த 72-ல் முதல் 20 யூனிட் 4.70 விலையில் 94 ரூபாய், மிச்சம் 52 யூனிட் 6.30 விலையில் 328 ரூபாய், ஆக பில் 422 ரூபாய் கூடும். அறுபதால் வகுத்தால் ஒரு வேளைக்கு ஏழு ரூபாய். கேஸில் இதற்கு ஒன்பதரை. ஒரு வேளைக்கு இரண்டரை ரூபாய் மிச்சம், இரண்டு மாதத்துக்கு 148 ரூபாய். பெரிய பணம் இல்லை, ஒரு கிலோ அல்வா கூட வராது. ஆனால் சிலிண்டர் நாற்பது நாளுக்குப் பதிலாக அறுபத்தேழு நாள் வரும்.

ஆசைப்பட்டுக் காலை, மத்தியானம், ராத்திரி எல்லாவற்றையும் மாற்றினால் என்ன ஆகும்? அறுபது நாளில் நீங்கள் எரிக்கிற 21.3 கிலோ கேஸுக்கு ஈடாக 176 யூனிட் வேண்டும். 380-உம் 176-உம் 556. வேலியைத் தாண்டியாச்சு. பில் 2,510 ரூபாய், அதாவது முன்னைவிட 1,429 ரூபாய் கூடுதல். மிச்சமான கேஸ் ஒன்றரை சிலிண்டர், 1,395 ரூபாய். இவ்வளவு பாத்திரம் மாற்றி, பழகி, கடைசியில் 34 ரூபாய் நஷ்டம். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற "பில் எகிறிரும்" இந்த இடத்தில்தான் உண்மை. 490-ல் நிறுத்துகிற மாதிரி, அதாவது 110 யூனிட் அளவுக்கு மாற்றினால் 661 ரூபாய் பில் கூடி 873 ரூபாய் கேஸ் மிச்சமாகும், கையில் 212 ரூபாய் நிற்கும். வேலியிலிருந்து பத்து யூனிட் தள்ளி நின்று பத்திரமாக எடுக்கிற லாபம் இது. 500 வரைக்கும் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் 501 ஆனதும் மொத்த லாபமும் ஒரேயடியாகப் போய்விடும்.

பதின்மூன்று ரூபாய் என்று சொன்னேனே, அது தச்சநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு பில். ஏற்கெனவே 470 யூனிட் ஓடுகிற வீடு. வேலிக்கு முப்பது யூனிட் தள்ளி நிற்கிறோம் என்பது தெரியாமல் மத்தியானச் சமையலை மாற்றினார்கள், 72 யூனிட் கூடி 542. பில் 1,616-லிருந்து 2,393-க்குப் போய்விட்டது. 777 ரூபாயை அறுபது சமையலுக்குப் பிரித்தால் ஒரு வேளைக்குப் பதின்மூன்று. அவர்கள் அடுப்பு மட்டம் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அடுப்பு என்ன செய்யும் பாவம்.

உங்கள் ஏப்ரல், மே கணக்கும் இப்படித்தான், ஆனால் இவ்வளவு மோசம் இல்லை, ஏனென்றால் ஏசியே வேலியைத் தாண்டிவிட்டது, சலுகையும் ஏற்கெனவே போய்விட்டது. 560-க்கு மேல் 72 சேர்த்தால் 40 யூனிட் 8.40-க்கும், 600-க்கு மேலே போகிற 32 யூனிட் 9.45-க்கும் வரும். ஒரு வேளைக்கு 10 ரூபாய் 64 காசு. கேஸைவிட ஒரு ரூபாய்க்கு மேல் அதிகம். ஆகவே ஏசி போட ஆரம்பித்ததும் இண்டக்‌ஷனைத் துடைத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த வெயிலில் அடுப்படியில் அனல் அடிக்கவில்லை என்பதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று தோன்றினால் அது வேறு விஷயம், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுப்பேன்.

எதையெல்லாம் மாற்றுவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். தண்ணீரும் பாலும் கொதிக்க வைப்பது, குக்கர், பருப்பு, முட்டை வேகவைப்பது, இதெல்லாம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றது. அதிலும் ரெண்டு டம்ளர் டீக்குச் சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைக்கிறோமே, கேஸ் அதிகம் வீணாவது அங்கேதான், சுடர் பாத்திரத்துக்கு வெளியே நின்று எரியும். தோசை கேஸிலேயே இருக்கட்டும். இரும்புக் கல் இண்டக்‌ஷனில் சூடாகும்தான், ஆனால் உள்ளே இருக்கிற சுருள் எவ்வளவு அகலமோ அந்த வட்டம் மட்டும் காய்ந்து நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும்.

சொதியும் கேஸில்தான். விலை குறைந்த இண்டக்‌ஷன் அடுப்பு பலவற்றில் 300, 400 என்று வைத்தால் நிஜமாக அந்தச் சூட்டில் தொடர்ந்து எரியாது, ஆயிரம் வாட் பக்கம் சில நொடி எரிந்து, சில நொடி அணைந்து, சராசரியாக அந்தக் கணக்கைக் காட்டும். பாத்திரத்தில் கொதி வந்து வந்து அடங்குவதைப் பார்த்தாலே தெரியும். சாம்பாருக்கு அதனால் ஒன்றும் இல்லை. கடைசியில் தலைப்பால் விட்ட சொதிக்கு அந்த ஒரு கொதி போதும், திரிந்துவிடும். மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்கிற அன்றைக்குப் பரிசோதனை வேண்டாம்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, மண்சட்டி, வெண்கலப் பானை, சாதாரண அலுமினியப் பாத்திரம் எதையும் இந்த அடுப்பு ஏற்காது. வீட்டில் ஒரு காந்தம் இருக்கும், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறது போதும், பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் சரி, வழுக்கினால் வேண்டாம். ஒட்டியும் அடி வளைந்திருந்தால் பாத்திரம் தட்டாமாலை சுற்றும், சூடும் சரியாக ஏறாது, 1.2 யூனிட் என்கிற என் கணக்கும் உங்கள் வீட்டில் பொய்யாகிவிடும். குக்கர் அலுமினியம் என்றால் புதிதாக ஸ்டீல் அடி வைத்தது வாங்க வேண்டி வரும், அப்போது இரண்டு மாதத்துக்கு 148 ரூபாய் மிச்சம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் குக்கர் காசை எடுக்கவே ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். அடுப்பு பரிசாக வந்ததால் தப்பித்தீர்கள். அதையும் காசு கொடுத்து வாங்கச் சொல்லியிருந்தால், பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

பிளக் விஷயம் ஒன்று. 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். மிக்ஸி போடுகிற சின்ன ஆறு ஆம்பியர் பாயிண்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சொருகி அதில் மாட்டினால் பிளக் முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுத்து, ஒரு வாடை வரும். கிரைண்டர், கீசர் போடுகிற பெரிய பதினாறு ஆம்பியர் பாயிண்ட் அடுப்படியில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் சமைத்ததும் அடுப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி முனையைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புக்கு மேல் சுடக் கூடாது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிறார் என்றால் மேலே சொன்ன அடுக்குக் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது. 1.2 யூனிட் பத்து ரூபாயில் பன்னிரண்டு ரூபாய், கேஸ்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது மீட்டரைப் பார்ப்பது. ரீடிங் எடுக்க வந்த அன்றைக்கு kWh என்று திரையில் வருகிற எண்ணைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சாதாரண மாதங்களில் 452-தான் ஆகும் என்பதால் கவலை இல்லை. ஏசி ஆரம்பிக்கிற மார்ச்சும், வெயில் இறங்குகிற ஜூன், ஜூலையும்தான் இரண்டுங்கெட்டான், அப்போது வேலிக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள். ஐம்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 425-க்குள் இருந்தால், மிச்சப் பத்து நாளுக்கும் ஏசி போடாத வழக்கமான செலவு 63 யூனிட், சமையலுக்கு 12, எல்லாம் 500-க்குள் அடங்கிவிடும், ஏசியைத் தொடாமல் இருந்தால் தொடர்ந்து சமைக்கலாம். 425-க்கும் 437-க்கும் நடுவில் நின்றால் அன்றைக்கே கேஸுக்கு மாறிவிடுங்கள், அந்தப் பன்னிரண்டு யூனிட் மிச்சத்தில் வேலியைத் தொடாமல் தப்பிக்கலாம், ரீடிங் எடுக்கிறவர் ஒரு நாள் பிந்தி வந்தால்கூட ஒரு ஆறு யூனிட் கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 437-ஐத் தாண்டியிருந்தால் சமையலையும் ஏசியையும் நிறுத்தினாலும் போதாது, அந்த 63-லேயே வேறு எதைக் குறைக்க முடியும் என்று உங்கள் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.